பழைய முன்மொழிவு, புதிய படிவம்: பகுதி வரிசையையும் சொல் வரம்பையும் பின்பற்றித் திருத்தி அடுக்குவது எப்படி

கையில் ஏற்கெனவே எழுதி முடித்த ஒரு திட்ட முன்மொழிவு இருக்கிறது. புதிதாக ஒரு நிதியளிப்பவர் விண்ணப்பங்களை அழைத்திருக்கிறார். திட்டம் அதேதான். ஆனால் அவருடைய படிவத்தில் பகுதிகளின் வரிசை வேறு, ஒவ்வொரு பகுதிக்கும் சொல் வரம்பு வேறு. இந்த நிலையில் பலரும் பழைய கோப்பைத் திறந்து, பத்திகளை எடுத்து, ஏறக்குறைய பொருந்துகிற பெட்டிகளில் ஒட்டி, வரம்புக்குள் அடங்கும்வரை அங்கங்கே வெட்டிக்கொண்டே போவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒரு மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தபோதுதான் அந்த வேலை எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று புரிந்தது. கேட்ட கேள்விக்குப் பாதி பதில், கேட்காத கேள்விக்கு முழுப் பதில், நடுவில் எங்கிருந்தோ வந்து விழுந்த "மேற்கண்டவாறு" என்ற சொல்.

படிவத்தின் வரிசை அலங்காரத்துக்காக வைத்ததில்லை. மதிப்பீட்டாளரின் கையில் இருக்கும் மதிப்பெண் தாளும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். ஒரு பெட்டியைப் படிப்பார், அதற்கான மதிப்பெண்ணைப் போடுவார், அடுத்த பெட்டிக்குப் போவார். நான்காவது பெட்டியில் இருக்கும் நல்ல பதிலை இரண்டாவது பெட்டியின் மதிப்பெண்ணுக்காகத் தேடிப் பிடிக்க அவருக்கு நேரம் இருக்காது. அதனால் இந்த வேலையைப் பழைய முன்மொழிவைச் சுருக்குவதாக நினைக்காமல், பழைய சரக்கைக் கொண்டு புதிய கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய தொண்டு அமைப்பு, 12 பள்ளிகளில் 3,600 குழந்தைகளின் கண்பார்வையைச் சோதித்து, தேவைப்படுபவர்களுக்குக் கண்ணாடி வழங்க நினைக்கிறது. பழைய முன்மொழிவு 3,400 சொற்கள். புதிய படிவம் மொத்தமாக அனுமதிப்பது 1,800.

முதலில் வரைபடம், பிறகுதான் எழுத்து

அழைப்போடு சேர்ந்து வரும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டுங்கள்: வழிகாட்டுக் குறிப்பு, காலிப் படிவம், மதிப்பெண் அளவுகோல், கேள்வி-பதில் தாள். இவற்றில் வரம்புகள் சிதறிக் கிடக்கும். படிவத்தில் '300 சொற்கள்' என்று மட்டும் இருக்கும்; தலைப்புகளும் அட்டவணைகளும் அந்தக் கணக்கில் சேருமா என்பது கேள்வி-பதில் தாளில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். எங்குமே இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தன் விதிகளுக்கு இணங்காத முன்மொழிவை மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடலாம் என்று தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் வரம்பைத் தாண்டிய பக்கங்கள் மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்கே தெரியாதபடி மறைக்கப்பட்டுவிடும். வேறு சிலருடைய இணையப் படிவம் 301-வது சொல்லை ஏற்கவே ஏற்காது.

நம் எடுத்துக்காட்டில் திரட்டிய தகவல் இப்படி ஒரு தாளில் வந்து நிற்கிறது:

| பகுதி | படிவத்தின் கேள்வி | வரம்பு (சொற்கள்) | மதிப்பெண் |
|---|---|---|---|
| 1 | திட்டச் சுருக்கம் | 150 | இல்லை |
| 2 | என்ன மாற்றம் ஏற்படும், யாருக்கு? | 300 | 20 |
| 3 | அது ஏன் தேவை? | 250 | 15 |
| 4 | எப்படிச் செய்வீர்கள்? | 500 | 25 |
| 5 | மாற்றத்தை எப்படி அளப்பீர்கள்? | 300 | 20 |
| 6 | நீங்கள் ஏன் பொருத்தமானவர்கள்? | 150 | 10 |
| 7 | செலவு விளக்கம் | 150 | 10 |

கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதாமல் படிவத்தில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். "என்ன மாற்றம் ஏற்படும், யாருக்கு?" என்பதை 'நோக்கங்கள்' என்று குறித்துக்கொண்டால், உங்கள் பழைய 'நோக்கங்கள்' பகுதி அங்கே தானாகப் போய் உட்கார்ந்துவிடும். 'பரிசோதனை நடத்துவது, விழிப்புணர்வு ஏற்படுத்துவது' என்றெல்லாம் அதில் எழுதியிருப்பீர்கள். அவை நீங்கள் செய்யும் வேலைகள். குழந்தைகளுக்கு ஏற்படும் மாற்றம் அங்கே இருக்காது.

பழையதைப் பத்தி பத்தியாகப் பிரிப்பது

பழைய முன்மொழிவின் வரிசை இது: அமைப்பின் அறிமுகம் 620 சொற்கள், பின்னணி 780, நோக்கங்கள் 210, செயல்பாடுகள் 940, கண்காணிப்பு 260, செலவு விளக்கம் 350, திட்டம் முடிந்த பிறகு என்ன என்பது 240. இந்த எண்களைப் புதிய வரம்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைப்பைப் பற்றி 620 இருந்த இடத்தில் இப்போது 150தான். ஆனால் கண்காணிப்பில் 260 இருந்த இடத்தில் 300 கேட்கிறார்கள். அதாவது மொத்தம் பாதியாகக் குறையும்போதும் அந்த ஒரு பகுதி வளர வேண்டும். எல்லாப் பகுதிகளையும் சீராக 47 சதவீதம் வெட்டினால் கண்காணிப்பு 138 சொற்களில் வந்து நிற்கும். 20 மதிப்பெண்ணுக்கான பெட்டி பாதிக்கு மேல் காலியாக இருக்கும். எங்கே சதை வெட்ட வேண்டும், எங்கே சதை போட வேண்டும் என்பது இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பத்தி என்ன சொல்கிறது? பக்கத்தில் அதன் சொல் எண்ணிக்கை. பின்னணிப் பகுதியில் ஆறு பத்திகள் இருந்தன. முதல் பத்தி, படிப்புக்குக் கண்பார்வை முக்கியம் என்றது (110). இரண்டாவது, தூரப்பார்வை மங்கிய குழந்தைக்கு அது மங்கல் என்றே தெரியாது, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் என்றது (130). மூன்றாவது, சென்ற ஆண்டு இரண்டு பள்ளிகளில் கிடைத்த எண்கள் (170). நான்காவது, பரிசோதனை மையத்துக்குக் கூட்டிப்போனால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பது (140). ஐந்தாவது, அரசுக் கொள்கைகளின் பட்டியல் (150). ஆறாவது, ஒரு சிறுமியின் கதை (80).

ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுத வராத பத்தி ஒன்றிரண்டு கண்டிப்பாக மாட்டும். அது எதையும் சொல்லவில்லை என்று பொருள். அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். இரண்டு வாக்கியம் தேவைப்படும் பத்தியை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு பாதிகளும் புதிய படிவத்தில் வெவ்வேறு பெட்டிகளுக்குப் போகக்கூடும். நம் மூன்றாவது பத்தி அப்படித்தான். 640 குழந்தைகளில் 71 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது என்பது 'ஏன் தேவை' என்ற பெட்டிக்கு உரியது. அந்தப் பரிசோதனையை நாமே நடத்தினோம் என்பது 'நீங்கள் ஏன் பொருத்தமானவர்கள்' என்ற பெட்டிக்கு உரியது.

எந்தத் துண்டு எந்தப் பெட்டிக்கு

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் புதிய பகுதியின் எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாமல் சில துண்டுகள் நிற்கும். துண்டே கிடைக்காமல் சில கேள்விகள் நிற்கும். இந்த இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை.

எண் போட முடியாத துண்டில் முதல் கேள்வி: இதைப் படிக்காவிட்டால் மதிப்பீட்டாளர் ஏதாவது ஒரு பெட்டிக்குக் குறைவான மதிப்பெண் போடுவாரா? கண்பார்வையின் முக்கியத்துவம், கொள்கைப் பட்டியல் ஆகிய இரண்டுக்கும் பதில் 'இல்லை'. 260 சொற்கள் போய்விட்டன. ஆனால் 'திட்டம் முடிந்த பிறகு என்ன' என்ற பகுதி அப்படிப்பட்டதில்லை. புதிய படிவத்தில் அதற்குப் பெட்டியே இல்லை என்றாலும் எந்த மதிப்பீட்டாளர் மனத்திலும் அந்தக் கேள்வி எழும். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் முதல் கட்டச் சோதனையைத் தொடர்வார்கள் என்பதுதான் அந்த 240 சொற்களின் சாரம். அதைச் செயல்பாட்டுப் பகுதியின் கடைசி இரண்டு வாக்கியங்களாக வைத்தோம். இதற்காகப் படிவத்தில் இல்லாத ஒரு தலைப்பை நீங்களே சேர்க்க வேண்டாம். ஒரு பெட்டிக்குள் இன்னொரு கேள்வியின் தலைப்பைப் பார்க்கும் மதிப்பீட்டாளர், இவர்கள் வேறு இடத்துக்கு எழுதியதை இங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று உடனே கண்டுகொள்வார்.

துண்டே கிடைக்காத கேள்விதான் உண்மையான வேலை. நம் எடுத்துக்காட்டில் அது ஐந்தாவது பகுதி. பழைய கண்காணிப்புப் பகுதியின் 260 சொற்களும் எத்தனை முகாம், எத்தனை பதிவேடு, மாதம் எத்தனை அறிக்கை என்பதைத்தான் பேசின. புதிய படிவம் கேட்பது மாற்றத்தை. கண்ணாடியைக் கொடுப்பதோடு மாற்றம் வந்துவிடாது. வாங்கிய கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்கண்ணோடு கரும்பலகையைப் பார்க்கும் குழந்தைகள் நிறைய உண்டு என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இதைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. இதற்கான நாள்களை அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்குங்கள். கடைசி இரவில் சொல் வெட்டலாம், ஆனால் அளவீட்டு முறையை யோசித்து உருவாக்க முடியாது. திட்டத்தை நடத்துபவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய வேலை அது.

பெட்டிக்குள்ளும் ஒரு பங்கீடு

300 சொல் என்ற வரம்பு பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு பெட்டிக்குள் பல உட்கேள்விகள் ஒளிந்திருக்கும். ஐந்தாவது பகுதியின் வழிகாட்டுக் குறிப்பில் நான்கு இருந்தன: எதை அளப்பீர்கள், தொடக்க நிலை என்ன, யார் எப்போது அளப்பார்கள், எதிர்பார்த்தபடி வராவிட்டால் என்ன செய்வீர்கள். பங்கிடாமல் எழுதினால் முதல் கேள்வியே 200 சொல்லைத் தின்றுவிடும். கடைசிக் கேள்விக்கு இடமே இருக்காது.

நாங்கள் 90, 60, 100, 30 என்று பிரித்தோம். மொத்தம் 280. மீதி 20 கையிருப்பு. இந்தக் கையிருப்பு எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். 90-ஐ எப்படிச் செலவழித்தோம் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். "கண்ணாடி பெற்ற குழந்தைகளில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் வகுப்பில் அதை அணிந்திருக்கிறார்கள்" என்ற ஒரே அளவீட்டை எடுத்துக்கொண்டோம். அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு வாக்கியம். முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்புக்குள் போய் எண்ணுவோம் என்று ஒரு வாக்கியம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் எல்லோரும் அன்றைக்கு மட்டும் அணிந்துவருவார்கள் என்ற காரணத்தோடு. அவ்வளவுதான். பழைய வரைவில் இருந்த ஏழு அளவீடுகளையும் இந்த இடத்தில் திணித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பதின்மூன்று சொல்தான் கிடைத்திருக்கும், எதையும் நம்பும்படி சொல்லியிருக்க முடியாது.

உட்கேள்விகளுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த விகிதத்திலேயே பிரியுங்கள். கொடுக்கப்படவில்லை என்றால், உங்கள் திட்டத்தில் எது நம்ப முடியாததாகத் தெரியுமோ அதற்கு அதிகம் கொடுங்கள்.

வரிசை மாறினால் உடைபவை

பத்திகள் புதிய இடங்களுக்குப் போன பிறகு, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தால்தான் உடைந்த இடங்கள் தெரியும்.

பெரும்பாலும் உடைவது முதல் அறிமுகம். பழைய முன்மொழிவில் அமைப்பின் அறிமுகம் முதலில் இருந்ததால், சென்ற ஆண்டு நடந்த இரண்டு பள்ளி முகாம் அங்கேயே அறிமுகமாகிவிட்டது. அதன் பிறகு எல்லா இடத்திலும் "அந்த முகாமில்" என்று எழுதினால் போதுமாக இருந்தது. புதிய படிவத்தில் அமைப்பைப் பற்றிய பகுதி ஆறாவது. ஆனால் முகாமின் எண்கள் மூன்றாவது பகுதியிலேயே வந்துவிடுகின்றன. 'அந்த' முகாம் எந்த முகாம் என்று படிப்பவருக்குத் தெரியாது. அதேபோல 'முதல் கட்டச் சோதனை' என்ற சொல் செயல்பாட்டுப் பகுதியில்தான் விளக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் ஒரு பார்வை அட்டையைச் சுவரில் மாட்டி, குறிப்பிட்ட தூரத்தில் குழந்தையை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்வது என்று. இப்போது அந்தச் சொல் அதற்கு முன்பே வருகிறது. முதலில் வரும் இடத்தில் "ஆசிரியர்கள் பார்வை அட்டையால் செய்யும் முதல் கட்டச் சோதனை" என்று மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் நான்கைந்து சொற்களைக் கேட்கும். கையிருப்பு அதற்குத்தான். பகுதிக்குப் பகுதி வரம்பில் ஐந்து முதல் பத்து சதவீதத்தைக் காலியாக வைத்து முதல் வரைவை எழுதினால், இந்தக் கட்டத்தில் மூச்சுமுட்டாது. சரியாக 300-இல் நிறுத்திவிட்டு இங்கே வந்தால், ஒரு சொல்லைச் சேர்க்க இன்னொரு நல்ல சொல்லைப் பலிகொடுக்க வேண்டியிருக்கும்.

"மேலே கூறியபடி", "முன்பு குறிப்பிட்டதுபோல்", "அடுத்த பகுதியில் விளக்கியுள்ளபடி" ஆகியவற்றைக் கோப்பில் தேடி ஒவ்வொன்றாக நீக்குங்கள். வரிசை மாறியதால் அவற்றில் பாதி பொய்யாகியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: சில இடங்களில் ஒரு மதிப்பீட்டாளர் செலவுப் பகுதியை மட்டும், இன்னொருவர் செயல்பாட்டை மட்டும் படிப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன்காலில் நிற்க வேண்டும். அதற்காக அதே தகவலை இரண்டு பெட்டிகளில் ஒரு சிறு தொடராகச் சொல்ல நேர்ந்தால் தவறில்லை. ஒரு முழுப் பத்தியையே இரண்டு இடத்தில் ஒட்டுவதுதான் தவறு.

எண்கள் நெருங்கி வரும்போது

இந்தத் திருத்தத்தில் ஒரு பழைய பிழை வெளியே வந்தது. நோக்கங்கள் பகுதியில் சுமார் 400 குழந்தைகளுக்குக் கண்ணாடி என்று இருந்தது. அது 640-க்கு 71 என்ற விகிதத்தை 3,600-க்குப் பொருத்திப் பார்த்து வந்த எண். செலவு விளக்கத்திலோ 360 கண்ணாடி என்று இருந்தது. வேறு யாரோ ஒருவர், பத்தில் ஒருவருக்குத் தேவைப்படும் என்று தோராயமாகப் போட்ட கணக்கு. பழைய முன்மொழிவில் இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சுருங்கிய படிவத்தில் இப்படிப்பட்ட முரண்கள் பளிச்சென்று தெரியும்.

அதனால் ஒரு தனித் தாளில் திட்டத்தின் எண்களை மட்டும் எழுதி வையுங்கள்: 12 பள்ளி, 3,600 குழந்தை, பள்ளிக்கு இருவர் வீதம் 24 ஆசிரியர், 400 கண்ணாடி, உடைசலுக்காகக் கூடுதலாக 40, மூன்றாவது மாதத்தில் மறுபார்வை. பிறகு முன்மொழிவில் ஒவ்வோர் எண்ணையும் தேடி இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். செலவு அட்டவணையில் 440 இருக்கிறது, செயல்பாட்டில் 400 இருக்கிறது என்றால் அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதுதான் செலவு விளக்கத்தின் 150 சொற்களில் சொல்ல வேண்டிய விஷயம். பழைய 350 சொற்கள் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு வரியையும் வாக்கியமாகத் திரும்பச் சொல்லின. அட்டவணையைப் பார்த்தவுடன் கேள்வி எழும் வரிகளை மட்டும் விளக்குங்கள். வரம்பு தாராளமாகவே இருக்கும்.

வெட்டுவது: பெரியதிலிருந்து சிறியதற்கு

துண்டுகளை விலக்கிய பிறகும் பல பகுதிகள் வரம்பைத் தாண்டியே இருக்கும். பின்னணியில் நாம் எடுத்துக்கொண்ட மூன்று பத்திகள் சேர்ந்து 440 சொற்கள், வரம்போ 250. இப்போது சொல் சொல்லாக வெட்டத் தொடங்காதீர்கள். முதலில் ஒரே கருத்தை நிறுவும் இரண்டு சான்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வலுவான ஒன்று போதும். பிறகு வாக்கியங்களுக்கு வாருங்கள். அலுவல் நடையில் எழுதிய வாக்கியம் பாதியாகச் சுருங்கும். பழைய மூன்றாவது பத்தியிலிருந்து ஒரு பகுதி:

> சென்ற ஆண்டு எங்கள் அமைப்பின் சார்பில் இரண்டு பள்ளிகளில் நடத்தப்பட்ட கண் பரிசோதனை முகாம்களில் மொத்தம் 640 குழந்தைகள் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள் என்பதும், அவர்களில் 71 குழந்தைகளுக்குக் கண்ணாடி அணிய வேண்டிய தேவை இருப்பது கண்டறியப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்த 71 குழந்தைகளில் ஏற்கெனவே கண்ணாடி வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை வெறும் 9 மட்டுமே ஆகும்.

39 சொற்கள். திருத்திய வடிவம்:

> சென்ற ஆண்டு இரண்டு பள்ளிகளில் 640 குழந்தைகளைப் பரிசோதித்தோம். 71 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அவர்களில் 9 பேரிடம்தான் அது இருந்தது.

16 சொற்கள். ஒரு தகவலும் போகவில்லை. போனதெல்லாம் 'உட்படுத்தப்பட்டார்கள்', 'என்பது குறிப்பிடத்தக்கது', 'எண்ணிக்கை வெறும் … மட்டுமே ஆகும்' போன்ற சுமைகள்தான். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றினாலே யார் செய்தார்கள் என்பதும் தெளிவாகும், சொல்லும் குறையும்.

வெட்டக்கூடாதவையும் உண்டு. எண், அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, 'ஏனென்றால்' என்று தொடங்கும் காரணம். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் காரணங்கள்தான், ஏனென்றால் அவற்றை எடுத்தாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும். "முன்னறிவிப்பு இல்லாமல் எண்ணுவோம்" என்பது காரணம் இல்லாமலும் நிற்கிறது. ஆனால் காரணம் இருந்தால்தான் இவர்கள் வகுப்பறையைப் பார்த்தவர்கள் என்ற நம்பிக்கை வரும். சிறுமியின் 80 சொல் கதையை முழுதாக விட எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியவள் என்ற ஒரு வாக்கியமாக மட்டும் அதை இரண்டாவது பத்தியோடு சேர்த்தோம்.

சொற்களை ஒட்டவைத்து எண்ணிக்கையைக் குறைக்கும் தந்திரம் வேண்டாம். 'செய்துகொண்டிருக்கிறோம்' என்று சேர்த்து எழுதுவது தமிழுக்கு இயல்பு. 'பள்ளிக்குழந்தைகளின்கண்பரிசோதனை' என்று எழுதினால் வரம்பு அடங்கும், படிப்பவரின் பொறுமை அடங்காது. இணைப்புகளில் தள்ளிவிடுவதும் அதேபோலத்தான். மாதவாரி வேலைத் திட்டத்தை இணைப்பாகத் தர அனுமதி இருந்ததால் செயல்பாட்டுப் பகுதியிலிருந்து அதை எடுத்து இணைப்பில் வைத்தோம். ஆனால் இணைப்புகளை மதிப்பீட்டாளர் கட்டாயம் படிப்பார் என்று குறிப்பில் சொல்லப்படாதவரை, மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் எதையும் அங்கே வைக்கக்கூடாது.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். மற்ற ஆறு பெட்டிகளும் முடிந்த பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாக்கியத்தை அதே வரிசையில் எடுத்து, கோவையாக இணைத்தால் 150 சொல் நிறைந்துவிடும். பழைய சுருக்கத்தைத் திருத்த முயன்றால் பழைய வரிசையும் கூடவே வந்துவிடும்.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

உங்கள் எழுத்துச் செயலி சொல்லும் எண்ணிக்கையும் படிவம் சொல்லும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடைவெளி இருந்தால்தான் தனிச்சொல் என்று சில எண்ணும். சாய்கோடும் இணைப்புக்கோடும் வந்தால்கூட வேறு சில பிரித்து எண்ணும். அதனால் கடைசித் தீர்ப்பு படிவத்தின் எண்ணிக்கைதான். ஒரு பெட்டியை முன்கூட்டியே ஒட்டிப் பார்த்து வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரம்பு சொல்லில் இல்லாமல் எழுத்தில் இருந்தால் தமிழில் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'கண்ணாடி' நம் கண்ணுக்கு நான்கெழுத்து. கணினிக்குப் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். பைத்தானில் பார்த்தால் தெரியும்:

```
len("கண்ணாடி")   # 7
```

யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணினால் அதுவே 21. எனவே 2,000 எழுத்து என்று போட்டிருக்கும் பெட்டியில் ஆங்கிலத்தில் அடங்கும் செய்தி தமிழில் அடங்காமல் போகலாம். பத்தி இடைவெளியிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இணையப் படிவத்தில் தட்டும்போது ஒரு புதிய வரி ஓர் எழுத்தாக எண்ணப்பட்டாலும், அனுப்பும்போது இரண்டு குறியீடுகளாகப் போகக்கூடும். வரம்பை ஒட்டி நிரப்பிய பெட்டி திரையில் சரியாக இருந்து, அனுப்பியதும் பிழை காட்டினால் முதலில் வரி இடைவெளிகளைக் குறைத்துப் பாருங்கள்.

ஒட்டும்போது தடித்த எழுத்தும் அட்டவணையும் பட்டியல் புள்ளிகளும் பல படிவங்களில் மறைந்துவிடும். வடிவமைப்பை நம்பி எழுதிய பத்தி அப்போது ஒரே கட்டியாகிவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வெற்று உரைக் கோப்பில் போட்டு, அந்த நிலையிலும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். "முதலில்", "அடுத்து", "மூன்றாவது மாதத்தில்" போன்ற சொற்கள் வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் புள்ளிகள் போனாலும் வரிசை போகாது.

எல்லாம் ஒட்டிய பிறகு, அனுப்பு பொத்தானுக்கு முன்னால் படிவத்தின் முன்னோட்டத்தைத் தரவிறக்கி, திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் மதிப்பெண் அளவுகோலோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தை வைத்து அந்த மதிப்பெண்ணைப் போட்டார் என்று அதன்கீழ் கோடிடவும் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டில் படித்தவர் ஆறாவது பெட்டிக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, கோட்டை மூன்றாவது பெட்டியில் இருந்த 640 குழந்தைகள் என்ற வாக்கியத்தின்கீழ் இழுத்திருந்தார். முகாமை நாமே நடத்தினோம் என்ற பாதி ஆறாவது பெட்டிக்கு வந்து சேரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து சொற்கள் சேர்த்தோம். அந்தப் பெட்டியின் கையிருப்பில் இன்னும் நான்கு மீதி இருந்தது.